ஏழூரம்மனை வைதவள்

1

இந்தக் கதை பிறந்ததே என் பயத்தில்தான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேலி செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

வேலைவெட்டி இல்லாத ஒரு மதியம் நான் ஒரு வெண்பா எழுதினேன். அம்மனைக் கண்டபடி திட்டுவதுபோல் இருக்கும்; திட்டுகிற அதே சொற்கள் அவளைக் கொண்டாடவும் செய்யும். எழுதி முடித்ததும் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அடுப்படியில் நின்ற என் மனைவி அம்பிகாவிடம் படித்துக் காட்டினேன். முதல் அர்த்தம் காதில் விழுந்ததுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டாவதைப் பிரித்துச் சொன்னேன். சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவள் முகம் மாறியது.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இத எங்கயும் போட்டுத் தொலைக்காதீங்க. ரெண்டாவது அர்த்தம் வர்ற வரைக்கும் இப்ப எவங்க நிக்கறான்?"

அன்று சாப்பாடு இறங்கவில்லை. பாட்டைக் கிழித்துப்போடவும் மனசு வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? பயந்த எழுத்தாளன் எவனும் செய்வதைத்தான். ஓர் ஊரை உண்டாக்கினேன். அதில் ஒரு பெண்ணை உண்டாக்கி, பாட்டை அவள் வாயில் வைத்து, அவளை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன்.

அவள் பெயர் கலைமதி. ஊர் பெயர் ஏழூர். பொம்மிடியிலிருந்து மலைப்பக்கமாகப் போகிற தார் ரோட்டில் வைத்திருக்கிறேன். போய்த் தேடாதீர்கள், கிடையாது.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு:

[கலைமதி யாருக்கும் அஞ்சாதவள். சின்ன வயசிலேயே]

அடித்துவிட்டேன். அஞ்சாதவளை வைத்து நான் என்ன செய்வது? அவளுக்கு என் கதையே தேவைப்படாது.

[மல்பெரித் தோட்டத்தில் காலை வெயில் பொன்போல]

இதுவும் போகட்டும். வெயில் வெயில்போல்தான் இருந்தது.

சரி, நேராகவே வருகிறேன். கலைமதி தமிழ் எம்.ஏ. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாள். புருஷன் பிரபாகர் பட்டுப்புழு வளர்க்கிறான். வீட்டை ஒட்டியே புழுக்கொட்டகை, அதை ஒட்டி மல்பெரித் தோட்டம். இந்த வருசம் ஏழூரம்மன் பண்டிகைக்குப் பூக்கேட்டபோது (அம்மன் மேல் வைத்த பூ யார் பேருக்கு விழுகிறது என்று பார்ப்பார்கள்), வசை சொல்ல உத்தரவு கலைமதிக்கு வந்தது.

வசை சொல்வது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. ஏழூருக்கு வெளியே யாருக்குமே தெரியாது. வினையே அதுதான்.

3

ஏழூரில் தீ மிதிப்பதற்கு முந்தின நாள் அம்மனைத் திட்ட வேண்டும். பூக்கேட்டு யார் பெயருக்கு உத்தரவு வருகிறதோ அவர் திட்ட வேண்டும். ஆணோ பெண்ணோ, படித்தவரோ படிக்காதவரோ, பேதமில்லை. பாட்டு ஊரில் எல்லாருக்குமே மனப்பாடம். பம்பை மேளம் நிற்கும். வசை சொல்பவர் ஊருக்கு முதுகைக் காட்டி, அம்மனைப் பார்த்து நின்று சொல்ல வேண்டும்:

தாராள் கொடியாள் கடியாள் தருமமொன்றும்
தேராள் குடிகெடுத்தாள் தேடிவந்து – ஊரையென்றும்
ஏழூரில் தீயாள் இவளென்பேன் கண்டீரோ
வாழ விடமாட்டாள் வந்து

எதையும் தரமாட்டாள். கொடியவள். கடுமைக்காரி. தருமம் ஒன்றையும் எண்ணிப் பார்க்கமாட்டாள். தேடிவந்து குடியைக் கெடுத்தவள். ஏழூரிலேயே தீயவள் இவள்தான். வந்தாள் என்றால் ஊரை என்றைக்கும் வாழ விடமாட்டாள். இப்படி வாய்க்கு வந்தபடி வைதுவிட்டு வசைக்காரர் வாயை மூடிக்கொள்வார். அதற்குமேல் அவராக ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. ஊர்தான் பேச வேண்டும். மொத்த ஊரும் ஒரே குரலில் கேட்கும்:

"அப்பறம்?"

கேட்டால்தான் அவர் திரும்புவார். ஊரைப் பார்த்து நின்று, ஒரு எழுத்தும் மாற்றாமல் அதே பாட்டை மறுபடி சொல்லிப் பிரிப்பார். தாராள்: தார் என்றால் மாலை, தாரை அணிந்தவள். கொடியாள்: கொடிபோன்ற மேனியாள். கடி என்ற சொல்லுக்கு அச்சம் என்றும் பொருள், காவல் என்றும் பொருள்; கடியாள், காவலாய் நிற்பவள். ஒன்றுதல் என்றால் பொருந்துதல்; தருமம் ஒன்றும் தேராள், தருமம் வந்து பொருந்துகிற தேரை உடையவள். குடியைக் கெடுத்தாள்: அட, எந்தக் குடியை? சாராயத்தை. வீடுவீடாகத் தேடிவந்து கெடுத்தாள். தீயாள்: தீயை ஆள்கிறவள், நாளைக்கு நாம் மிதிக்கப்போகிற தீயை. கடைசி வரிக்கு ஒரு மூச்சு தள்ளி நிறுத்தினால் போதும். வாழவிட மாட்டாள் இல்லை. ஊரை, அது வாழ, விடமாட்டாள். கைவிடமாட்டாள்.

(பாட்டு என்னுடையது, ஏழூர்க்காரர்களுக்கு அது தெரியாது. யாரோ பேர் தெரியாத புலவர் பாடியது என்று நம்புகிறார்கள். நம்பட்டும்.)

அதற்கப்புறம் இன்னொரு சுற்று உண்டு. அதுதான் உயிர். ஊரே சேர்ந்து, அர்த்தம் எதுவும் சொல்லாமல், பாட்டை மட்டும் சொல்லும். வசையும் வாழ்த்தும் அப்போது ஒரே நேரத்தில் ஓடும். பயிர் கருகிப்போனவன் 'தாராள்' என்கிறபோது அவன் நிஜமாகவே திட்டுகிறான். அதே வாயால் மாலையும் போடுகிறான். குடித்தே செத்தவன் பெண்டாட்டி 'குடிகெடுத்தாள்' என்கிற இடத்தில் அழுதுவிடுவாள். திட்டி அழுகிறாளா, கும்பிட்டு அழுகிறாளா என்று அவளிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். அவளுக்கே தெரியாது.

கலைமதி இதைத்தான் வகுப்பில் தலைகீழாக நின்று சொல்லுவாள். சிலேடை என்பது இரண்டு அறை உள்ள வீடு இல்லை, ஒன்றிலிருந்து எழுந்து இன்னொன்றுக்குப் போக. குடி, கடி, ஒன்றும் என்பவை சொல் பிரியாமலே இரண்டு பொருள் தரும், அது செம்மொழி. தாராள், தேராள் இரண்டையும் பிரித்தால்தான் அடுத்த பொருள் வரும், அது பிரிமொழி. எப்படி வந்தாலும் ஒன்றைக் கேட்கும்போது இன்னொன்று கூடவே காதுக்குள் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பாட்டைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

4

கலைமதி நன்றாகவே சொன்னாள். ஊர் கேட்டது, அவள் திரும்பினாள், பிரித்தாள், எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். மறுநாள் தீ மிதித்தார்கள். யாருக்கும் கால் கொப்புளிக்கவில்லை. இதோடு முடிந்திருந்தால் நான் எதற்கு?

கோகுல்ராஜ் என்று ஒரு பையன். பையன் என்ன, கல்யாண வயசு. ஓசூரில் கம்பெனி வேலை, பண்டிகைக்கு வந்திருந்தான். கலைமதியிடம் தமிழ் படித்தவன். டீச்சர் வசை சொல்வதை போனில் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டான். ஸ்டேட்டஸ் நீளத்துக்கு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் போனது. 'வாழ விடமாட்டாள் வந்து' என்று அவள் குரல் எழும்பி நிற்கிற இடத்தில் வெட்டு. கீழே 'எங்க டீச்சரு வேற லெவலு' என்று எழுதி, ஒரு தீ பொம்மையும் போட்டிருந்தான்.

கெட்ட எண்ணம் துளியும் இல்லை, பாவம். மிச்சத்தையும் போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஏழூரில் பிறந்தவன் காதுக்கு அங்கே 'அப்பறம்?' தானாகவே கேட்கும். கேட்காத காதும் உலகத்தில் உண்டு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

யாரோ அதை எடுத்து வேறு ஒரு குழுவில் போட்டார்கள். அங்கிருந்து இன்னொன்று. போகப்போகத் தலைப்பு மாறியது. 'அம்மனை அசிங்கமாகப் பேசும் ஆசிரியை.' 'கோயில் வாசலிலேயே திமிர்.' 'இவள் எந்த மதத்துக்கு மாறினாள்?'

கலைமதிக்கு முதல் போன் வந்தபோது அவள் மல்பெரித் தழை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கலைமதிங்களா?"

"ஆமாங்க, யாருங்க?"

"அம்மன் உன் குடியக் கெடுத்தாளாடி? நாங்க கெடுக்கறோம் பாரு."

வைத்துவிட்டான். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது, சத்தியமாக. சரியான இடத்தில்தானே கோளாறு செய்கிறான், அந்தக் குடியில்லையே என்று வாய் திறந்தாள். அதற்குள் அடுத்த போன். பிறகு அடுத்தது. சாயந்தரத்துக்குள் அவள் வீட்டு வாசல் படம் அவளுக்கே வந்தது. கோலம் தெளிவாகத் தெரிந்தது. அன்று காலையில் அவள் போட்ட கோலம்.

அரிவாளைக் கீழே வைத்தாள். தழையை அப்படியே போட்டுவிட்டுப் புழுக்கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

இங்கே எனக்கும் கலைமதிக்கும் தகராறு.

நான் அவளைத் துணிச்சல்காரியாக எழுதப் பார்த்தேன். முழு வீடியோவையும் போட்டு, 'சிலேடை தெரியாத மூடர்களே' என்று ஒரு போடு போடட்டும் என்று வைத்தேன். எழுதினேன், அவள் செய்யவில்லை. கொட்டகைக்குள் உட்கார்ந்து, புழுக்கள் தழை தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூறல் விழுகிற மாதிரிச் சத்தம் அது. வெளியே யாராவது நடந்தால்கூடக் கேட்காது. அதனால் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவளுடைய பயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடிப்பார்களோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிசு, ஊர். தன்னை இந்த ஊர் விட்டுவிடுமோ என்பது. கட்டிக்கொண்டு வந்தவள் அவள், பிறந்தவள் இல்லை. இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பார்க்கிற நாள் வந்துவிட்டதோ?

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். "பிரச்சனை அடங்கற வரைக்கும் லீவுல இருங்க மேடம்." எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஒருவர் பேசினார். "பெரிசு பண்ணாதீங்கம்மா, பேசி முடிச்சுக்கங்க." முழு வீடியோவைப் பிரபாகர் கோகுல்ராஜிடம் வாங்கி அந்தக் குழுக்களுக்கு அனுப்பினான். பிரிக்கிற இடம் வரை யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேரும் 'மாட்டிக்கிட்டதும் புதுசா அர்த்தம் கண்டுபிடிக்கறா' என்று எழுதினார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள்! வாழ்த்து பொய் என்று நிரூபிக்க வசை ஒன்றே போதுமாம்.

ஊர்க்கவுண்டர் தர்மன் வீட்டுக்கு வந்தார். கோயில் காரியங்களெல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனுசன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. எப்போதும் வருகிறவர்.

"டீச்சரு, ஒன்னு சொல்லட்டுங்களா? பாட்டுல ரெண்டு மூணு வார்த்தய மட்டும் மாத்திட்டா என்னங்க? தீயாள்னு இருக்கறத தூயாள்னு வெச்சுக்கலாம். கொடியாள்ங்கறத கொடையாள்னுட்டாப் போச்சு. எவனும் கேக்க மாட்டான்."

கலைமதி மனசுக்குள் அலகிட்டுப் பார்த்தாள். பழக்கம், அப்படிப்பட்ட நேரத்திலும் விடவில்லை. தூயாள், நேர்நேர். கொடையாள், நிரைநேர். தளை தட்டாது, வெண்பாவுக்கு ஒரு குறையும் வராது. வரிக்கு வரி அழகாகவே இருக்கும்.

"மாத்தலாங்க. ஓசை கெடாது. ஆனா தூயாள்னுட்டா தீ எங்கீங்க? அவ தீயை ஆள்றவங்கறதே போயிருமே. திட்டு போச்சுன்னா கும்பிடும் போச்சுங்க. ரெண்டும் ஒரே வார்த்தைலதான குடியிருக்குது?"

"அது நமக்குத் தெரியுதுங்க டீச்சரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவனுங்களுக்கு?"

"வசைய நெசமாத்தாங்க திட்றோம். மழ பேயாத வருசம் நீங்களே எப்படிச் சொன்னீங்க? அழுத்திச் சொன்னீங்களே. அது பொய்யின்னு நான் எப்படிங்க எழுதிக் குடுப்பேன்?"

தர்மன் செருப்பை மாட்டிக்கொண்டார். போகும்போது சொன்னார். "வீடியோவப் பரப்புனவங்க நாளைக்குக் காலைல இங்க வர்றாங்களாம். கோயிலுக்கு வந்துருங்க. வூட்டுக்கு அவங்க வர்றதுக்கு அது தேவல."

[அன்றிரவு கலைமதி]

வேண்டாம். அன்றிரவை நான் எழுதமாட்டேன். அவள் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

6

வந்தார்கள். வேன்களில் வந்தார்கள். ஏழூரில் ஒரே நேரத்தில் அத்தனை வேனைத் தீமிதியன்றுகூடப் பார்த்ததில்லை. வந்தவர்களில் கூச்சல் போடுகிறவன் ஒருவனும் இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கூச்சல் போட்டிருந்தால் எழுதவும் லேசாக இருந்திருக்கும். முன்னால் வந்தவன் சலவைச் சட்டை போட்டவன், நெற்றியில் அளவான குங்குமம். குச்சியில் மாட்டிய போனை ஒருவன் அவன் பக்கத்திலேயே தூக்கிப் பிடித்திருந்தான்.

ஊர் கூடியிருந்தது. கலைமதி வேப்பமரத்தடியில், பிரபாகரை ஒட்டி நின்றாள். சின்னபொண்ணு, அவள் ஓரகத்தி, கொஞ்சம் தள்ளியே நின்றாள். குள்ளம்மாள் முன்வரிசையில் இருந்தாள். குள்ளம்மாளை உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். ஆள் அரையாள்தான், குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். வருசாவருசம் 'அப்பறம்?' அவள் தொண்டையில்தான் முதலில் கிளம்பும். ஊர் அதைப் பிடித்துக்கொள்ளும்.

"வணக்கங்க்கா" என்றான் சலவைச் சட்டை. "நாங்க சண்டைக்கு வரல. அந்தப் பாட்ட இங்கயே, அம்மன் முன்னாடி சொல்லுங்க. கேப்போம்."

"அதுல ரெண்டு அர்த்தம் இருக்குதுங்க. நான் பிரிச்சே..."

"நீங்க பிரிக்க வேண்டாங்க்கா. நீங்களே சொல்வீங்க, நீங்களே பிரிப்பீங்க. அது எப்படிச் செல்லும்? இது ஊர்ப் பாட்டுன்னு சொல்றீங்க. சரி, ஏத்துக்கறோம். நீங்க பாடுங்க. இந்த ஊர்க்காரங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், முன்ன வந்து இது சாமியப் புகழ்றதுதான்னு இந்த போனப் பாத்துச் சொல்லட்டும். கெளம்பிடறோம். யாரும் சொல்லலன்னா நீங்க மன்னிப்புக் கேட்டு வீடியோ தரணும். பாட்டும் இனி இந்தக் கோயில்ல கூடாது."

"நான் சொல்றேன்" என்று பிரபாகர் பாய்ந்தான்.

"வூட்டுக்காரர் சொல்றது செல்லாதுங்கண்ணா." அண்ணா என்றுதான் சொன்னான், அவ்வளவு மரியாதை. பிறகு ஊரைப் பார்த்து, அதே மெல்லிய குரலில்: "யார் சொல்றீங்களோ, அவங்க பேரு, ஊரு, அப்பா பேரு எல்லாம் சேத்துச் சொல்லணும். எங்காளுங்க எல்லா ஊர்லயும் பாப்பாங்க."

கேட்டீர்களா அவன் பேச்சை? அதிலும் இரண்டு அர்த்தம்தான்.

7

இந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பிறகு முடிவுகளாக எழுதித் தள்ளினேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு: கோகுல்ராஜ் ஓசூரிலிருந்து பைக்கில் பறந்துவருகிறான். 'நான்தாண்டா வெட்டுனவன், என்னைக் கேளுங்கடா' என்று முன்னால் நிற்கிறான். கைதட்டல். அடித்துவிட்டேன். கோகுல்ராஜ் போனை அணைத்து வைத்துவிட்டு, கம்பெனி விடுதியில் போர்வைக்குள் கிடக்கிறான். அவனும் என் பிள்ளைதான். அவன் பயத்தை நான் பிடுங்கிக்கொள்ள முடியாது.

இன்னொன்று: குள்ளம்மாளுக்கு அருள் வந்து, அம்மனே அவள் வாயால் பாட்டைப் பிரிக்கிறாள். வந்தவர்கள் காலில் விழுகிறார்கள். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அம்பிகா படித்துவிட்டு, "ஏங்க, மனுசங்க கேக்க வேண்டியத சாமிகிட்டத் தள்ளிவிடறீங்களே?" என்றாள். கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: கலைமதி மன்னிப்புக் கேட்கிறாள். வேன்கள் போகின்றன. அடுத்த வருசம் பம்பை நிற்கிற இடத்தில் ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு ஓடுகிறது. குடித்துச் செத்தவன் பெண்டாட்டி எந்த இடத்தில் அழுவது என்று தெரியாமல் நிற்கிறாள். இதுதான் நடக்கும் என்று உள்மனசு சொல்கிறது. இதை மட்டும் எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை.

8

கலைமதி அம்மனுக்கு நேராக நடந்தாள். ஊருக்கு முதுகைக் காட்டி நின்றாள், நிற்க வேண்டிய முறையில். மன்னிப்புக் கேட்டுவிடலாம், ஒரு நிமிச வேலை என்று ஒரு நினைப்பு ஓடியது. பாட்டு அதற்குள் வாயில் வந்துவிட்டது.

"தாராள் கொடியாள் கடியாள்..."

சொல்லச்சொல்ல அவளுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை நாள் கடி என்றால் அச்சம், கடி என்றால் காவல் என்று பலகையில் இரண்டு பக்கமாக எழுதிப் போட்டிருக்கிறாள். இப்போது பக்கமே இல்லை. பயம் அவள் உடம்பு முழுக்க இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே நின்று அவள் அம்மனைத் திட்டினாள். நெஞ்சாரத் திட்டினாள். ஏண்டி என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தினாய், தருமம் ஒன்றும் தேரமாட்டாயா, வாழ விடமாட்டாயா? கேட்ட அந்த மூச்சிலேயே, விட்டுவிடாதே தாயே என்றும் கெஞ்சினாள். தனித்தனியாக இல்லை. ஒரே சொல்லில், ஒரே நேரத்தில். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது மட்டும் வருவது அன்றைக்கு அவள் ஒருத்திக்கே வந்தது.

"...வாழ விடமாட்டாள் வந்து."

முடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பக்கூடாது. ஊர் கேட்டால்தான் திரும்பலாம்.

ஊர் கேட்கவில்லை.

தர்மன் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சின்னபொண்ணு மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குள்ளம்மாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்; தோள் மட்டும் குலுங்கியது. போன் வைத்திருந்தவன் ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டே போனான். அது வருகிற பக்கமெல்லாம் முகங்கள் குனிந்தன. இத்தனைக்கும் அந்தப் பாட்டு அங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும். அத்தனை பேருக்கும் பிரிக்கத் தெரியும்.

"பாத்தீங்களாக்கா?" என்றான் சலவைச் சட்டை, வருத்தப்படுகிற குரலில். "உங்க ஊரே பேசல."

நான் இங்கேயே நிறுத்திவிடலாம். நிறுத்தினால் நானும் கோகுல்ராஜ்தான். பாதியில் வெட்டி உலகத்துக்கு விட்டவன். தொடர்ந்து எழுதலாம் என்றால், கேட்காத ஊரை நான் எப்படிக் கேட்கவைப்பது? அவர்கள் வீடு அங்கே இருக்கிறது, கிணறு அங்கே, பிள்ளைகள் அங்கே. என் வீடு அங்கே இல்லை. ஆகவே அந்தக் கூட்டத்தில் நானே போய் நின்று, ஊரில் ஒருத்தனாக அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்பதாக எழுதப்போனேன். என் பேர், என் ஊர், அப்பா பேர் என்று சொல்ல வேண்டும் என்றதும் வாய் கட்டிக்கொண்டது. எத்தனை தரம் எழுதினாலும் அந்த இடத்தில் நான் தரையைத்தான் பார்க்கிறேன், தர்மனுக்குப் பக்கத்தில் நின்று.

மிச்சம் நீங்கள்தான். பாட்டு உங்களுக்குத் தெரியும். தார், தேர், குடி, கடி எல்லாமே தெரிந்துதான் இதுவரை வந்திருக்கிறீர்கள். கதை கேட்கிற யாருக்கும் இந்நேரம் தொண்டையில் வந்து நிற்கிற சொல்தான் அவளுக்கும் வேண்டியது. மனசுக்குள் கேட்டால் போதாது, அவளுக்குக் கேட்காது. சத்தமாகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த போன் உங்கள் பக்கம் திரும்பும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கலைமதி இன்னும் முதுகைக் காட்டியபடிதான் நிற்கிறாள். போன் இப்போது உங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறது.